வேலை முடிந்த பிறகும் முடங்கிக் கிடக்கும் பேங்க் கியாரண்டி

கோவையில் ஒரு மின்பணி காண்ட்ராக்டர், தனியார் ஆலை ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய்க்கு வயரிங் வேலை செய்து கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தப்படி மதிப்பில் 5 சதவீதம், அதாவது 4 லட்ச ரூபாய்க்கு பேங்க் கியாரண்டி கொடுத்திருக்கிறார். அதற்கு ஈடாக வங்கி அவருடைய 1 லட்ச ரூபாய் டெபாசிட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 ரூபாய்; ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தால் 9,440. வேலையில் குறை வந்தால் சரிசெய்து தரவேண்டிய ஓராண்டும் புகார் ஏதும் இல்லாமல் கழிந்துவிட்டது. ஆனால் கியாரண்டிப் பத்திரம் இன்னும் ஆலையின் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது.

கமிஷன் சிறிய நஷ்டம்தான். வங்கி அவருக்கு அனுமதித்த மொத்த வரம்பில் இந்த 4 லட்சம் முடங்கிக் கிடப்பதுதான் பெரிய நஷ்டம். அடுத்த டெண்டருக்குக் கியாரண்டி கேட்டுப் போனால், பழையதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று மேலாளர் சொல்லிவிடுவார். சிறிய காண்ட்ராக்டர்கள் கைக்கு வரவேண்டிய வேலையை இழப்பது இந்த இடத்தில்தான்.

கியாரண்டியைத் திரும்பக் கேட்கும் உரிமை ஒரு தேதியில் தொங்குகிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்த நாளில் தொடங்கியது? காண்ட்ராக்டர் 2023 ஜூன் 15 என்பார், அன்றுதான் வேலையை ஒப்படைத்தார். இறுதி பில் தேறிய நாளிலிருந்துதான் கணக்கு என்று ஆலை சொல்லலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணி நிறைவுச் சான்றிதழில் உள்ள தேதிதான் தொடக்கம். ஒப்படைக்கும் நாளிலேயே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்காதவர், ஓராண்டு கழித்து வெறும் வாய்ப்பேச்சை வைத்து வாதாட வேண்டியிருக்கும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), பணிப் பாதுகாப்புத் தொகை எல்லாக் கடமைகளும் முடிந்து மேலும் 60 நாள் செல்லுபடியாக இருக்கவேண்டும் என்கின்றன. அதே முறையை ஆலையும் பின்பற்றினால், 2024 ஜூன் 14-இல் பொறுப்புக் காலம் முடிந்தாலும் கியாரண்டி ஆகஸ்ட் 13 வரை உயிரோடிருக்கும். அந்த 60 நாள் கடைசிக் குறைகளைக் கணக்குத் தீர்ப்பதற்கான அவகாசம். அதுவரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை.

விவரம் தெரிந்தவர்கள் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கூட்டு ஆய்வுக்கு எழுதிவிடுகிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து பேனல் பேனலாகப் பார்த்து, எர்த்திங் அளவை எடுத்து, குறையில்லை என்று ஒரே தாளில் கையெழுத்திடுகிறார்கள். இடையில் ஒரு பிரேக்கரை மாற்றியிருந்தால், மாற்றிய தேதியும் ஆலைப் பொறியாளர் அதை ஏற்றுக்கொண்ட கையெழுத்தும் கூடவே இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பழுதே மறுப்புக்குச் சாக்காகிவிடும்.

அடுத்து கடிதம். பணி ஆணை எண், கியாரண்டி எண், வங்கிக் கிளை, தொகை, நிறைவுச் சான்றிதழ் தேதி, பொறுப்புக் காலம் பற்றிய ஒப்பந்தப் பிரிவு, அது முடிந்த தேதி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இரண்டு பொருள்களைத் தெளிவாகக் கேட்கவேண்டும்: அசல் பத்திரம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வங்கிக் கிளையின் பெயருக்கே எழுதிய விடுவிப்புக் கடிதம். பின்னதில் ஆலையின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். சைட் பொறியாளர் கையெழுத்தோடு போனால் வங்கி திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பதில் வராமல் ஆகஸ்ட் நெருங்கும்போதுதான் சிக்கல். கோப்பு நகரவில்லை என்பதற்காகவே, கியாரண்டியை நீட்டியுங்கள் இல்லையேல் பணத்தைக் கொடுங்கள் என்று ஆலை வங்கிக்கு எழுதிவிடலாம். கியாரண்டி வாசகம் கேட்டவுடன் கொடு என்றிருந்தால் வங்கி காரணம் விசாரிக்காது. வெளிப்படையான மோசடி, சரிசெய்யவே முடியாத அநீதி ஆகிய விதிவிலக்குகள் தவிர நீதிமன்றம் தடை விதிப்பதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நெடுங்கால நிலைப்பாடு. அதனால்தான் காலம் முடிந்த உடனே எழுதி, ஒப்புகை வாங்கி வைப்பது அவசியமாகிறது.

பத்திரத்தில் செல்லுபடித் தேதி தவிர, கோரிக்கை எழுப்பக் கடைசித் தேதி என்று இன்னொன்றும் இருக்கும். அதுவரை வங்கி கமிஷன் வாங்கக்கூடும். குறைந்தது ஓராண்டு கோரிக்கைக் காலம் வேண்டும் என்று ஒரு வங்கி வற்புறுத்தியதை எதிர்த்து லார்சன் அண்ட் டூப்ரோ வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய கியாரண்டி எடுப்பவர்கள் இந்தக் காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் பேச அது ஒரு பிடி.

அசலும் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வந்ததும் அன்றே கிளையில் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். டெபாசிட்டின் மீதான பிடிமானம் நீங்கியதா, வரம்பில் 4 லட்சம் திரும்பக் கூடியதா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வதோடு, முன்கூட்டியே கட்டிய கமிஷனில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பித் தருவார்களா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.