கையில் 3 லட்சம், செலவுக்கு ஐந்து யோசனை: எதை முதலில் செய்வது?

சம்பா அறுவடை முடிந்து, வாழைத்தார் விற்ற பணமும் கைக்கு வந்திருக்கும். போர் போடலாம், மாடு வாங்கலாம், பவர் வீடர் வாங்கலாம் என்று பல யோசனைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பணம் போதாது. இதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம்.

உறையூரை ஒட்டி உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் செய்யும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ரூ.3 லட்சம் இருக்கிறது. கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றுங்கள்

அடுத்த வருடம் வரும் ரூ.10,000-மும் இன்று கையில் உள்ள ரூ.10,000-மும் ஒன்றல்ல. 12 சதவீத வட்டியில் பார்த்தால், அடுத்த வருடத்து 10,000-த்தின் இன்றைய மதிப்பு சுமார் ரூ.8,929 மட்டுமே. இதே வட்டியில், ஐந்து வருடம் ஒரே அளவாக வரும் வருமானத்துக்குச் சுலபமான வழி உண்டு. ஒரு வருட வருமானத்தை 3.60-ஆல் பெருக்கினால் மொத்த இன்றைய மதிப்பு கிடைத்துவிடும்.

வருமானம் என்றால் தீவனம், டீசல், பராமரிப்பு, வீட்டார் உழைப்புக்கான கூலி எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது. சொந்த உழைப்பைக் கழிக்காவிட்டால் மாடும் கோழியும் இல்லாத லாபத்தைக் காட்டும்.

இரண்டாம் படி: முதலீட்டால் வகுங்கள்

இன்றைய மதிப்பை முதலீட்டால் வகுத்தால் வருவதுதான் இலாபக் குறியீட்டெண். போடும் ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவாகத் திரும்புகிறது என்பதை அது சொல்லும். 1-க்குக் கீழே போனால் அந்த வேலை வேண்டாம்.

- பவர் வீடர்: முதலீடு ரூ.80,000, வருடம் மிச்சமாகும் களையெடுப்புக் கூலி ரூ.36,000. இன்றைய மதிப்பு ரூ.1,29,600. குறியீடு 1.62, நிகர லாபம் ரூ.49,600.
- இரண்டு கறவை மாடு, கொட்டகை: முதலீடு ரூ.1,50,000, வருட வருமானம் ரூ.60,000. இன்றைய மதிப்பு ரூ.2,16,000. குறியீடு 1.44, நிகர லாபம் ரூ.66,000.
- போர், நீர்மூழ்கி மோட்டார்: முதலீடு ரூ.3,00,000, வருட வருமானம் ரூ.1,10,000. இன்றைய மதிப்பு ரூ.3,96,000. குறியீடு 1.32, நிகர லாபம் ரூ.96,000.
- நாட்டுக்கோழிக் கொட்டகை: முதலீடு ரூ.70,000, வருட வருமானம் ரூ.24,000. இன்றைய மதிப்பு ரூ.86,400. குறியீடு 1.23, நிகர லாபம் ரூ.16,400.
- மண்புழு உரக் கொட்டகை: முதலீடு ரூ.60,000, வருட வருமானம் ரூ.15,000. இன்றைய மதிப்பு ரூ.54,000. குறியீடு 0.90, நஷ்டம் ரூ.6,000.

மண்புழு உரத்தில் ஐந்து வருடத்தில் ரூ.75,000 வருவதால் லாபம் போலத் தெரியும். வட்டியைச் சேர்த்துப் பார்த்தால்தான் நஷ்டம் வெளியே வருகிறது.

மூன்றாம் படி: வரிசையாகப் பணத்தை ஒதுக்குங்கள்

தனித்தனியாகப் பார்த்தால் போரில்தான் லாபம் அதிகம். ஆனால் அது மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும். கிடைப்பது ரூ.96,000.

குறியீட்டு வரிசையில் வாருங்கள். பவர் வீடர், மாடு இரண்டுக்கும் ரூ.2,30,000 போனால் மீதி ரூ.70,000. அதில் போர் போட முடியாது, பாதி போரும் போட முடியாது. அதைத் தாண்டி அடுத்ததாக உள்ள கோழிக்கு அந்தப் பணம் சரியாகப் போதும். மூன்றும் சேர்ந்து தரும் லாபம் ரூ.1,32,000. அதே 3 லட்சத்தில் ரூ.36,000 கூடுதல்.

வரிசை எங்கே தவறும்?

கையில் ரூ.2,20,000 மட்டும் இருந்தால்? வரிசைப்படி வீடர் வாங்கியதும் மீதி ரூ.1,40,000. மாட்டுக்குப் போதாது. கோழி வைத்தால் மொத்த லாபம் ரூ.66,000, ரூ.70,000 சும்மா கிடக்கும். வீடரை விட்டு, மாடும் கோழியும் எடுத்தால் ரூ.2,20,000-மும் வேலை செய்யும், லாபம் ரூ.82,400. ஆகவே பணம் மீதப்பட்டால், எந்தெந்த வேலைகளைச் சேர்த்தால் மொத்த லாபம் கூடுகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

இருக்கும் கிணறு வற்றி, தீவனப் புல்லுக்கே தண்ணீர் இல்லை என்றால் இந்த வரிசை செல்லாது. மாட்டு வருமானம் தண்ணீரை நம்பி இருப்பதால், இரண்டையும் ஒரே வேலையாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன்

வருமானத்தை 20 சதவீதம் குறைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கோழியின் குறியீடு 0.99 ஆகிவிடும், மாடு 1.15-ல் நிற்கும். கோழிக்கு விற்பனை உறுதியாக இல்லையென்றால் அந்த ரூ.70,000-ஐக் கையிலேயே வைத்திருப்பது நல்லது.

மானியம் கிடைத்தால் உங்கள் கைப்பணத்தை மட்டும் முதலீடாக எழுதுங்கள். வீடருக்கு ரூ.30,000 மானியம் கிடைத்தால் குறியீடு 2.59 ஆகும், அடுத்த வேலைக்கும் பணம் மிஞ்சும். எனவே வாங்கும் முன்பே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பயிர்க்கடன் பணத்தை இந்த 3 லட்சத்தில் சேர்க்க வேண்டாம். அது அறுவடையில் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மாடும் மோட்டாரும் முதலைத் திருப்பித் தரச் சில வருடம் ஆகும்.