முகம் மாறாமல் அளவு மாறட்டும்

எந்த ஊர் ஸ்டுடியோவிலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்ன வேலை நடக்கும். முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் தூக்குவார்கள். கன்னத்துப் பருத் தழும்பைத் துடைப்பார்கள். பின்னால் தொங்கும் நீலத் திரையை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளையை வைப்பார்கள். "கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடவாம்மா?" என்று கேட்டுச் செய்பவர்களும் உண்டு, கேட்காமலே செய்பவர்களும் உண்டு. கல்லூரி விண்ணப்பத்துக்கு அந்தப் போட்டோ ஓடிவிடும். அமெரிக்க விசாவுக்கு ஓடாது.

விண்ணப்பதாரரின் தோற்றத்தை எந்த வகையிலும் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கக் கூடாது என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதி. அதே துறைதான் படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் இருக்க வேண்டும், பின்னணி வெள்ளையாகவோ வெள்ளையை ஒட்டிய நிறமாகவோ இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. படத்தில் கை வைக்கவும் வேண்டும், முகத்தில் கை படவும் கூடாது என்றால் எப்படி என்று பலரும் குழம்புவது இங்கேதான். வழி எளிது. பின்னணி, வெளிச்சம் இரண்டையும் படம் எடுக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். எடுத்த பிறகு செய்யக்கூடியவை இரண்டே: ஓரங்களை வெட்டுவது, முழுப் படத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குவது.

விதி ஏன் இவ்வளவு கறார்?

விசா போட்டோவை அதிகாரி மட்டும் பார்ப்பதில்லை, கணினியும் பார்க்கிறது. கண், மூக்கு, வாய், தாடை இவற்றின் அமைப்பை எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் நேரில் எடுக்கும் படத்தோடு ஒப்பிடுகிறது. தாடையை ஒல்லியாக்கினால், கண்ணைப் பெரிதாக்கினால், அந்த எண்கள் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய அச்சமும் ஒன்று உண்டு. இரண்டு பேருடைய முகங்களைக் கலந்து செய்த ஒரே போட்டோ அந்த இருவருக்குமே பொருந்திவிடக்கூடும் என்று இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அப்படி ஒரு படம் பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டால், ஒரே பாஸ்போர்ட்டில் இருவர் பயணம் செய்யலாம். இந்த மோசடிக்கு இடம் தரக் கூடாது என்றுதான் ஜெர்மனி 2025 மே மாதத்திலிருந்து காகிதப் போட்டோவை வாங்குவதையே நிறுத்தியது. அங்கே இப்போது அலுவலகத்திலேயே படம் எடுக்க வேண்டும், அல்லது பதிவுபெற்ற ஸ்டுடியோ பாதுகாப்பான இணைய வழியில் நேரடியாக அனுப்ப வேண்டும். தழும்பைத் துடைக்கும் ஸ்டுடியோக்காரருக்கு மோசடி எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் திருத்திய முகம் எந்த நோக்கத்தில் திருத்தப்பட்டது என்று கணினிக்குத் தெரியாது.

வெள்ளைச் சுவரும் மாநிறமும்

வீட்டில் படம் எடுப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பது. தலையின் நிழல் சுவரில் விழுந்துவிடும். அதை அழிக்கப் போய்த்தான் பின்னணியை வெட்டும் வேலையே தொடங்குகிறது. சுவரிலிருந்து மூன்றடி முன்னால் வந்து நின்றால் நிழல் தரைப்பக்கம் இறங்கிவிடும். வெயில் நேரடியாக விழாத ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். ஜன்னல் ஒரு பக்கமாக இருந்தால் மறு கன்னம் இருண்டுபோகும். அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையையோ விரித்த வேட்டியையோ யாராவது பிடித்துக்கொண்டால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்திலும் விழும்.

அடுத்த சிக்கல் நம் நிறத்தோடு சம்பந்தப்பட்டது. திரை முழுக்க வெள்ளைச் சுவர் தெரிந்தால், வெளிச்சம் அதிகம் என்று போன் கேமரா நினைத்துக்கொள்கிறது. உடனே மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது. சுவர் சாம்பலாகிறது, மாநிற முகமும் கறுத்த முகமும் இருப்பதைவிட இருண்டு தெரிகின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் "கலர் தூக்கலாம்" என்கிறார்கள். தூக்கும்போது நிறம் மட்டும் போவதில்லை. மூக்கின் ஓரம், கன்ன எலும்பின் கீழ் விழும் மெல்லிய நிழல், நெற்றிக் கோடு எல்லாமே வெளிறிப்போகின்றன. முகத்துக்கு வடிவம் தருபவை அவைதான்.

இதற்குச் சரியான மருந்து, எடுக்கும்போதே வெளிச்சத்தைக் கூட்டுவது. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால் பல போன்களில் ஒரு சூரியக் குறி வரும். அதைச் சற்று மேலே தள்ளினால் சுவர் வெள்ளையாகும், முகமும் தன் நிறத்துக்கு வரும். சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, எடுத்த படத்தை அதே வெளிச்சத்தில் அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அந்த நிறத்தோடுதான் அவர் விமான நிலையத்தில் நிற்கப்போகிறார். அதை மாற்ற யாருக்கும் வேலை இல்லை.

நரைத்த தலைக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். பாட்டியின் வெள்ளை முடி வெள்ளைச் சுவரில் கரைந்துபோனால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அவரை ஜன்னலுக்கு இன்னும் பக்கமாக, சுவரிலிருந்து இன்னும் தள்ளி உட்கார வைத்தால், சுவரில் விழும் வெளிச்சம் சற்றுக் குறைந்து முடியின் ஓரம் எடுப்பாகத் தெரியும். வெள்ளையை ஒட்டிய நிறத்துக்கும் விதியில் இடம் இருப்பதால் இது செல்லும். அவருக்கு வெள்ளைப் புடவை வேண்டாம், அடர் நிறம் நல்லது.

செல்ஃபி ஏன் கூடாது?

கையை நீட்டி எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். லென்ஸுக்கு மூக்கு மிக அருகில் இருப்பதே காரணம். எந்தச் செயலியையும் தொடாமலே முகம் மாறிவிடுகிறது. முன்பக்கக் கேமராவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில போன்கள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். இடக்கன்ன மச்சம் வலக்கன்னத்துக்குப் போய்விடும். அதோடு சருமத்தை வழவழப்பாக்கும் 'Beauty' வசதி பல போன்களில் முதலிலிருந்தே போட்டபடி இருக்கும்.

எனவே வேறு ஒருவர் ஐந்தடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்து எடுக்கட்டும். 'Beauty'யையும் பின்னணியை மங்கலாக்கும் 'Portrait'ஐயும் அணைத்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். 2016 நவம்பரிலிருந்து அமெரிக்க விசா போட்டோவில் அதற்கு அனுமதி இல்லை. வாய் மூடி, கண் இரண்டும் திறந்து, நேராகப் பார்த்தால் போதும்.

கணக்குப் போட்டு வெட்டுவோம்

விசா விண்ணப்பமான DS-160இல் ஏற்றும் படம் சதுரமாக இருக்க வேண்டும். பக்கத்துக்குக் குறைந்தது 600 பிக்சல், அதிகம் 1200. கோப்பு JPEG வகையில் 240 KBக்கு மிகாமல் இருக்க வேண்டும். தாடையின் அடியிலிருந்து முடியின் உச்சி வரை, தலை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்கலாம். கண்கள் அடியிலிருந்து 56 முதல் 69 சதவீத உயரத்துக்குள் அமைய வேண்டும்.

இரண்டு மடங்கு லென்ஸ் உள்ள போனில் ஐந்தடி தூரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் தலை 900 பிக்சல் உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலை 60 சதவீதம் வர வேண்டுமானால் 900ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். விடை 1500. ஆகவே 1500க்கு 1500 சதுரமாக வெட்ட வேண்டும். உச்சிக்கு மேல் 150 பிக்சல், தாடைக்குக் கீழே 450 பிக்சல் விடுங்கள். கண்கள் ஏறத்தாழ தலையின் நடுவில் இருப்பதால், அடியிலிருந்து 450ம் இன்னொரு 450ம் சேர்ந்து 900 பிக்சல் உயரத்தில் அமையும். அதுவும் 60 சதவீதம். இனி அந்தச் சதுரத்தை 600க்கு 600 ஆகச் சுருக்கினால் முடிந்தது. 2 அங்குலத்துக்கு அச்சிட்டால் தலை 1.2 அங்குலம் வரும். விதி கேட்பது 1 முதல் 1⅜ அங்குலம்.

இரண்டு மடங்கு லென்ஸ் இல்லாத போனில் ஜூம் செய்ய வேண்டாம். அதே தூரத்தில் தலை சிறிதாக, சுமார் 440 பிக்சல் வரும். நமக்குக் கடைசியில் தேவை 360 என்பதால் அதுவே போதும்.

இங்கே பலர் சறுக்குவது வேறு ஓர் இடத்தில். கையில் ஏற்கெனவே 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ இருக்கும். அதையே சதுரமாக்கு என்று கேட்பார்கள். சதுரப் பெட்டிக்குள் அதை இழுத்து நிரப்பினால் முகம் 29 சதவீதம் அகலமாகிவிடும். முகத்தை யாரும் திருத்தவில்லை, ஆனால் ஆளே மாறிவிட்டார். ஆகவே எப்போதும் ஒரிஜினல் படத்திலிருந்து புதிதாக வெட்டுங்கள். பெயின்ட் போன்ற மென்பொருளில் அளவைச் சுருக்கும்போது 'Maintain aspect ratio' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே ஒரிஜினல் ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கும் உதவும். அங்கே 35க்கு 45 மில்லிமீட்டரில் முகம் 32 முதல் 36 மில்லிமீட்டர் வேண்டும். முகத்தை 34 மில்லிமீட்டராக வைத்தால், நம் படத்தில் 1190 பிக்சல் உயரமும் 925 பிக்சல் அகலமும் வெட்ட வேண்டும். முகத்தைச் சுற்றி இடம் குறையும், முகம் அப்படியே இருக்கும்.

ஸ்டுடியோவில் என்ன கேட்பது?

வீட்டில் வசதிப்படாதவர்கள் ஸ்டுடியோவுக்கே போகலாம். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, வெள்ளைத் திரை முன்னாலயே எடுங்க. டச்சப் எதுவும் வேண்டாம். ஒரிஜினல் பைலையும் குடுங்க." அந்தப் பைலை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்கினால் பிக்சல் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கிய படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். காதோரமும் பறக்கும் முடியும் கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தாலோ, தலையைச் சுற்றி மங்கலான கோடு தெரிந்தாலோ, பின்னணியை மாற்றியிருக்கிறார்கள். கன்னத்தில் சருமத்தின் துவாரங்களே தெரியாமல் மெழுகுபோல் இருந்தால், வழவழப்பாக்கியிருக்கிறார்கள். உங்கள் மச்சமும் தழும்பும் இருந்த இடத்திலேயே, இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். திருத்தத்தின் மேல் இன்னொரு திருத்தம்தான் ஏறும். மறுபடி உட்கார்ந்து புதிதாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விசா நேர்காணலை இழப்பதோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவும் நேரமும் மிகக் குறைவு.