மேடை ஒளிக்கு ஒரு காட்சிக் குறிப்பு

இரவில் நடைபெறும் பெரிய இசை நிகழ்ச்சிகளின் படங்களில் மூன்று கூறுகளை அடிக்கடி காணலாம். மேடையிலிருந்து நீண்டு வரும் வண்ண ஒளிக்கற்றைகள், அவற்றைச் சூழ்ந்த மெல்லிய புகைமூட்டம், முன்னால் கைகளை உயர்த்தி நிற்கும் கரிய மனித உருவங்கள் என்பன அவை. இத்தகைய காட்சியைக் கணினிச் செயலி கொண்டு வரைவிக்க வேண்டுமாயின், அதனை முதலில் சொற்களால் எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதித் தரும் பகுதியே காட்சிக் குறிப்பு ஆகும்.

பள்ளி ஆண்டுவிழாச் சுவரொட்டிக்காக மாணவி ஒருத்தி பின்வருமாறு எழுதினாள் எனக் கொள்வோம்: “மிக அழகான, பிரம்மாண்டமான இசை மேடை. வண்ண வண்ண விளக்குகள். மகிழ்ச்சியான பெருங்கூட்டம்.” கிடைத்த படத்தில் மேடை பகல்போல் ஒளிர்ந்தது. எல்லா நிறங்களும் இருந்தன. ஆனால் ஒளிக்கற்றை ஒன்றுகூட இல்லை. கூட்டத்தினர் மேடைக்கு முதுகைக் காட்டியபடி, படத்தைப் பார்ப்பவரை நோக்கிச் சிரித்தனர். இதற்குச் செயலியைக் குறை கூற இடமில்லை. கூட்டம் மகிழ்ச்சியாக இருப்பது தெரிய வேண்டுமானால் முகம் தெரிய வேண்டும்; முகம் தெரிய வேண்டுமானால் முன்னாலிருந்து ஒளி விழ வேண்டும். அவள் எழுதிய சொற்களுக்கு அப்படம் பொருந்தவே செய்தது. அவள் மனத்தில் கண்ட காட்சிக்குத்தான் பொருந்தவில்லை.

அவள் விடுத்த முதற்செய்தி புகைமூட்டம். ஒளி நம் கண்ணை வந்தடைந்தால் மட்டுமே நாம் அதனைக் காண்கிறோம். தூய காற்றில் பக்கவாட்டில் செல்லும் ஒளி நம்மைக் கடந்து போய்விடும். விளக்கும் தெரியும், ஒளி விழுந்த இடமும் தெரியும், இடைப்பட்ட வழி தெரியாது. அவ்வழியில் நுண்துகள்கள் மிதந்தால், அவை ஒளியில் ஒரு பகுதியைப் பல திசைகளிலும் சிதறச் செய்கின்றன. அப்போதுதான் ஒளி சென்ற பாதை ஒரு கற்றையாகப் புலப்படுகிறது. இதனை டிண்டால் விளைவு என அறிவியல் பாடம் கூறும். ஓட்டுவீட்டுக் கூரையின் சிறு துளை வழியே வரும் வெயில், சமையலறைப் புகையில் ஒரு கோல்போலத் தெரிவதும் இதனால்தான்.

இசை மேடையில் இத்துகள்களை ஓர் இயந்திரம் உண்டாக்குகிறது. நீரும் கிளைகால் என்னும் திரவமும் கலந்த நீர்மத்தையோ கனிம எண்ணெயையோ அது மிக நுண்ணிய துளிகளாக்கி வெளியிடுகிறது. ஒரு துளியின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். அதனால் அது கீழே விழாமல் நெடுநேரம் காற்றில் நிற்கிறது. அருகில் வைத்த மின்விசிறி அதனை மேடை முழுவதும் சீராகப் பரப்புகிறது. திரைப்படப் பாடல்களில் நடனமாடுவோரின் கால்களைச் சுற்றித் தவழும் வெண்புகை இதுவன்று. அது அடர்ந்தது, குளிர்ந்தது, தரையோடு படர்வது. காட்சிக் குறிப்பில் ‘புகை’ என்று மட்டும் எழுதினால் அந்த மேகமே வந்து மேடையை மறைத்துவிடக்கூடும். ‘சீராகப் பரவிய மெல்லிய புகைமூட்டம்’ என எழுதுவதே பொருத்தம். மென்மையும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. துளிகள் மிகுந்தால் கற்றைகளின் ஓரங்கள் மங்கி, மேடை முழுவதும் வெளிறிப்போகும். திறந்தவெளி மைதானங்களில் இதற்கு மாறாகக் காற்று புகைமூட்டத்தை அடித்துச் சென்றுவிடும். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே கற்றைகள் காணாமற்போகும்.

இரண்டாவது செய்தி ஒளி வரும் திசை. இத்தகைய நுண்துளிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சம அளவில் சிதறச் செய்வதில்லை. ஒளி செல்லும் திசையிலேயே பெரும்பகுதியைச் சிதறச் செய்கின்றன. தூசு படிந்த பேருந்துக் கண்ணாடியை எண்ணிப் பார்க்கலாம். சூரியன் எதிரே இருக்கும்போது அக்கண்ணாடி வெண்மையாகக் கூசும்; பேருந்து திரும்பிச் சூரியன் முதுகுப்புறம் போனதும் அதே தூசு கண்ணுக்குத் தெரிவதில்லை. மேடையிலும் அவ்வாறே. மேடையின் பின்புறத்திலிருந்து பார்வையாளரை நோக்கி வரும் கற்றைகள் பளிச்சிடுகின்றன. பார்வையாளரின் பின்னாலிருந்து மேடைக்குச் செல்பவை மங்கலாகவே தெரிகின்றன.

இங்கேதான் நிழலுருவங்களும் பிறக்கின்றன. கூட்டத்தின் பின்னால் நின்று படம் எடுப்பவருக்கு, ஒளி முழுவதும் கூட்டத்திற்கு அப்பால் இருக்கிறது. அவரை நோக்கிய முதுகுகளில் ஒளி படுவதில்லை. ஒளிமிக்க மேடைக்கு ஏற்ப ஒளிப்படக் கருவி அமைக்கப்படுவதால், முதுகுகள் கரிய உருவங்களாக மாறுகின்றன. தலைமுடியின் ஓரத்திலும் உயர்த்திய விரல்களின் விளிம்பிலும் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு ஓடும். எல்லா உருவங்களும் ஒரே கருமையில் இருப்பதுமில்லை. அருகில் நிற்பவர் மிகக் கருமையாகத் தெரிவர். தொலைவில் நிற்பவருக்கும் கருவிக்கும் இடையே புகைமூட்டம் மிகுதியாக இருப்பதால், அவர் சற்று வெளிறித் தெரிவார். கூட்டம் எவ்வளவு ஆழமானது என்பதைக் கண் உணர்வது பெரிதும் இவ்வேறுபாட்டினால்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வண்ணப்பூச்சுகள் கலந்தால் கருமை மிகும். ஒளிகள் கலந்தாலோ வெண்மை மிகும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். அவற்றோடு நீலமும் சேர்ந்தால் வெள்ளை. ஆகவே எல்லா நிறங்களையும் கேட்பவருக்கு வெளிறிய மேடையே கிடைக்கும். இரண்டு நிறங்கள் போதும்.

இவற்றை அறிந்த பின் அம்மாணவி தன் குறிப்பை மாற்றி எழுதினாள்:

“இரவு. கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து, தலைமட்ட உயரத்தில் மேடையை நோக்கிய பார்வை. மேடையின் பின்புறம், உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம். அதில் வரிசையாக எட்டு விளக்குகள். அவற்றிலிருந்து நீலமும் செம்மஞ்சளுமான குறுகிய ஒளிக்கற்றைகள் பார்வையாளரை நோக்கிச் சரிந்து வருகின்றன. மேடை முழுவதும் சீராகப் பரவிய மெல்லிய புகைமூட்டம். கூட்டத்தினர் அனைவரும் மேடையை நோக்கி, நமக்கு முதுகு காட்டி நிற்கின்றனர். அருகில் உள்ளோர் முழுக் கருமை, தொலைவில் உள்ளோர் சற்று வெளிறிய நிழலுரு. முன்னாலிருந்து எவ்வொளியும் இல்லை.”

‘அழகான’, ‘பிரம்மாண்டமான’ என்னும் சொற்கள் இதில் இல்லை. ‘மகிழ்ச்சி’யும் இல்லை, உயர்த்திய கைகளைக் கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்கும். அதை அவள் மறந்துவிட்டாள்; அடுத்த முறை சேர்த்துக்கொண்டாள்.

புதிய படம் முதற்பார்வைக்குச் சரியாகவே இருந்தது. எனினும் படம் வரையும் செயலிகள் ஒளியின் விதிகளைக் கணக்கிட்டு வரைவதில்லை. தாம் பயின்ற படங்களின் சாயலைப் பின்பற்றியே வரைகின்றன. ஆதலால் படத்தைச் சோதித்தல் வேண்டும். அதற்கு ஓர் அளவுகோல் போதும். கற்றை ஒவ்வொன்றின் மீதும் கோலை வைத்து, அகலம் குறையும் பக்கமாகப் பின்னோக்கிச் சென்றால், அது ஒரு விளக்கில் போய் முடிய வேண்டும். மாணவி அவ்வாறு சோதித்தபோது ஏழு கற்றைகள் விளக்குகளில் முடிந்தன. இடப்பக்கத்துக் கற்றை ஒன்று மட்டும் சட்டத்திற்கு மேலே, விளக்கே இல்லாத இருளிலிருந்து புறப்பட்டிருந்தது. அதன் கீழிருந்த ஒருவரின் கன்னத்திலும் பொருந்தாத வெளிச்சம் விழுந்திருந்தது. “கற்றை ஒவ்வொன்றும் சட்டத்தில் உள்ள ஒரு விளக்கிலிருந்தே தொடங்க வேண்டும்” என்னும் தொடரைச் சேர்த்து, குறிப்பை அவள் மீண்டும் அனுப்பினாள்.