ஒரே மணி, இரண்டு துணி

கல்லூரி ஆண்டு விழாக்களில் ‘எழுபதுகளின் உடை’ என்று ஒரு சுற்று வைத்தால், மேடைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறார்கள். நெற்றியில் ஒரு பட்டி, கழுத்தில் பாசிமணி, மினுமினுக்கும் அகலக் காலர் சட்டை, பெல்பாட்டம், காலில் கனத்த அடிப்பாகம் வைத்த பிளாட்பாரம் ஷூ. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பாசிமணியைப் போட்டவரும் அந்த மினுமினுப்புச் சட்டையைப் போட்டவரும் வேறு வேறு ஆட்கள். முன்னவர் ஹிப்பி, பின்னவர் டிஸ்கோ. இடையில் ஏறக்குறைய பத்து வருஷம். இருவருக்கும் பொதுவாக இருந்தது பெல்பாட்டம் ஒன்றுதான். அதையும் இருவரும் வேறு வேறு துணியில் தைத்துக்கொண்டார்கள். அந்தத் துணியைப் புரிந்துகொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமாகவே விளங்கிவிடும்.

பெல்பாட்டம் ஹிப்பிகளின் கண்டுபிடிப்பல்ல. அது கப்பல்காரனின் உடை. அமெரிக்கக் கடற்படையினர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கீழே அகன்ற கால்சட்டை அணிந்தார்கள். மேல்தளத்தைக் கழுவும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட வசதி, தண்ணீரில் விழுந்தால் பூட்ஸுக்கு மேலாகவே உருவி எறியலாம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். 1960களில் ராணுவத்தில் மிஞ்சிய பழைய உடுப்புகளை மலிவாக விற்கும் கடைகள் அமெரிக்க நகரங்களில் இருந்தன. சான்பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் கூடிய இளைஞர்கள் அங்கே போய் இந்தக் கால்சட்டைகளை வாங்கினார்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் ராணுவ உடுப்பையே வாங்கிப் பூவேலை செய்து போட்டுக்கொண்டார்கள். புதுத் துணி வாங்குவதில்லை, பெரிய கடைக்குப் போவதில்லை, கையில் இருப்பதை மாற்றிக்கொள்வது என்பதுதான் அவர்கள் வழி.

கடற்படைக் கால்சட்டை கிடைக்காதவர்கள் சாதாரண ஜீன்ஸையே பெல்பாட்டமாக மாற்றினார்கள். அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கீழ்ச்சுற்று 18 அங்குலம் உள்ள நேரான ஜீன்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிப்பக்கத் தையலை அடியிலிருந்து முழங்கால் வரை, சுமார் 15 அங்குலம் பிரிக்க வேண்டும். அந்தப் பிளவில் அடி அகலம் 8 அங்குலம் வருமாறு ஒரு முக்கோணத் துண்டை வைத்துத் தைத்தால் கீழ்ச்சுற்று 26 அங்குலம் ஆகிவிடும். அந்தத் துண்டு பழைய திரைச்சீலையாக இருக்கலாம், பாட்டியின் மேசைவிரிப்பாக இருக்கலாம், இந்தியாவிலிருந்து போன பூப்போட்ட பருத்தியாகவும் இருக்கலாம். நடக்கும்போது நீலத்தின் நடுவே அந்தப் பூக்கள் விரிந்து மூடும்.

வேலை சுலபம்தான். ஆனால் இரண்டு இடங்களில் கெடும். முக்கோணத்தின் கூர்நுனி வந்து சேரும் இடத்தில் துணி சுருங்கி ஒரு சின்னக் குமிழ் நிற்கும். தையலை அந்த நுனிப் புள்ளியிலேயே சரியாக நிறுத்தாமல் ஒரு நூல் தாண்டிவிட்டாலும் அது வரும். அடுத்தது, முக்கோணத்தின் சாய்ந்த ஓரங்கள் இழை நேரோட்டத்தில் இல்லாததால் தொங்கத் தொங்க இழுபடும். உடனே மடித்து அடித்துவிட்டால் நாலு நாளில் பக்கவாட்டில் கீழ் விளிம்பு இறங்கித் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் ஓர் இரவு கொடியில் தொங்கவிட்டு, மறுநாள்தான் விளிம்பு மடிப்பார்கள். ஹிப்பிகளில் பலர் விளிம்பு மடிக்கவேயில்லை. வெறுங்காலோடும் செருப்போடும் நடந்ததால் பின்குதிகாலில் மிதிபட்டு நூல் நூலாகத் தொங்கியது. அந்தக் கிழிசலை யாரும் குறையாக நினைக்கவில்லை. உழைத்த துணி என்பதற்கு அதுதான் சாட்சி.

பருத்தி வியர்வையை உறிஞ்சும், வெயிலில் வெளுக்கும், சாயத்தை ஆழமாக வாங்கிக்கொள்ளும். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் கைவேலை ஹிப்பிகளிடம் அவ்வளவு பரவியதற்கு இதுவே காரணம். வீட்டு வாளியில் சாயம் கலக்கி பருத்திச் சட்டையை முக்கலாம். பாலியெஸ்டரை அப்படி முக்க முடியாது. அதற்கென உள்ள சாயமும் கடும் சூடும் வேண்டும், அதாவது ஆலை வேண்டும். ஹிப்பியின் உடை வீட்டில் செய்ய முடிந்தது. டிஸ்கோ உடை ஆலையில் பிறந்தது.

அந்த ஆலைத் துணிக்கு வருவோம். பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு அங்கே வைத்த பெயர்தான் டெரிலின். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் தீபாவளிக்கு ‘டெரிலின் சட்டை’ எடுத்தேன் என்று சொன்னது இதைத்தான். இந்த இழை ஒரு வகைப் பிளாஸ்டிக். சூட்டில் இளகும், ஆறியதும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கால்சட்டையின் நடுவே கத்திபோல ஒரு மடிப்பு வைத்து நீராவியில் அழுத்திவிட்டால், இரவு முழுக்க ஆடினாலும் மடிப்பு போகாது. பின்னலாகச் செய்த பாலியெஸ்டருக்குக் கனமும் உண்டு, துவளும் தன்மையும் உண்டு. சுழன்று ஆடும்போது அகன்ற அடி விரிந்து, நின்றதும் காலோடு வந்து படிந்துவிடும். டெனிம் அப்படிப் படியாது, விறைப்பாக நிற்கும். நடன மேடைக்குத் தகுந்த பெல்பாட்டம் பாலியெஸ்டரில்தான் அமையும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் முக்கோணம் ஒட்டும் வேலை இல்லை. வெட்டும்போதே முழங்காலுக்குச் சற்று மேலிருந்து விரிவு தொடங்கும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவு விரிய வேண்டும். ஒரு பக்கம் கூடினால் நடு மடிப்பு முழங்காலுக்குக் கீழே திரும்பிக்கொள்ளும், கால் கோணலானதுபோல் தெரியும். தொடையும் முழங்காலும் இறுக்கமாக இருந்தால்தான் கீழே விரிவது மணிபோல் தெரியும். மேலேயும் தளர்வாக விட்டால் அது வெறும் அகலக் கால்சட்டைதான்.

இனி ஷூ. பிளாட்பாரம் ஷூவில் உயரம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, பாதம் உணர்வது வேறொன்று. குதிகால் 4 அங்குலம், முன்பக்க அட்டை 2 அங்குலம் என்றால் பாதம் சாய்வது 2 அங்குலம்தான். ஆள் நாலு அங்குலம் உயர்வார், ஆனால் வலி நாலு அங்குலத்துக்குரியதல்ல. ஆண்களும் அதைத் துணிந்து போட்டதற்கு இது ஒரு காரணம். இதன் கெடுதி வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு அங்குலக் கட்டை வளையாது, தரை எப்படி இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது. படியின் ஓரத்தில் மிதித்தால் கணுக்கால் அப்படியே சாய்ந்துவிடும்.

தையல்காரருக்கு இந்த ஷூ ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. வெறுங்காலோடு நிற்கும்போது ஒருவருக்குக் கவட்டிலிருந்து தரை வரை 31 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குல ஷூ போட்டால் அது 35 ஆகும். பின்புற விளிம்பு தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும், குதிகால் கட்டை ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். ஆகவே உள்நீளம் 34½ அங்குலம். முன்பக்கம் பாதத்தின் மேல் படிவதால் அங்கே முக்கால் அங்குலம் குறைத்து, விளிம்பைச் சாய்வாக வெட்டுவார்கள். இப்படித் தைத்தால் ஷூ இருப்பதே தெரியாது, கால்தான் நீளம் என்று கண் நம்பிவிடும். ஷூவைக் கழற்றினாலோ மூன்றரை அங்குலத் துணி தரையில் கிடக்கும். அந்தக் கால்சட்டையை அந்த ஷூவோடு மட்டுமே போட முடியும். ஹிப்பியின் பெல்பாட்டத்துக்கு இப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

அகலக் காலரும் டிஸ்கோ பக்கத்துச் சொத்துதான். ஹிப்பிகள் காலரே இல்லாத குர்தாவையும் நாட்டுப்புறச் சட்டையையும் விரும்பினார்கள். சாதாரணச் சட்டைக் காலரின் முனை மூன்று அங்குலம் இருக்கும். டிஸ்கோ சட்டையில் அது நாலு, ஐந்து அங்குலம் வரை போனது. அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம் 1968இல் வெளியிட்ட கியானா என்ற பட்டுபோன்ற நைலானில் இத்தகைய சட்டைகள் ஏராளமாக வந்தன. இவ்வளவு நீளக் காலரில் சகஜமாக வரும் கோளாறு, முனை மேல்நோக்கிச் சுருள்வது. மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே அளவில் வெட்டினால் இது நடக்கும். மேல்துணியை அரைக்கால் அங்குலம் பெரிதாக வெட்டிச் சேர்த்தால் ஓரம் தானாகக் கீழே உருண்டு படியும்.

இவையெல்லாம் ஒரே ஆளிடம் கூடிவந்ததைப் பார்க்க 1977 டிசம்பரில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் போதும். ஜான் ட்ரவோல்டா அதில் நியூயார்க்கின் புரூக்ளினில் பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் இளைஞன். வாரம் முழுக்க உழைத்து, சனிக்கிழமை இரவுக்காக உடுத்துகிறவன். டிஸ்கோ உடையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹிப்பி பகலெல்லாம் அதே உடையில் இருந்தான். டிஸ்கோ ஆள் உடை மாற்றிக்கொண்டு வேறொருவனாக வெளியே போனான்.

படத்தின் உடை வடிவமைப்பாளர் பட்ரீசியா வான் பிராண்டன்ஸ்டைன். அந்தப் பையனால் வாங்க முடிகிற உடையாக இருக்க வேண்டும் என்று, புரூக்ளின் கடையில் தயாராகத் தொங்கிய பாலியெஸ்டர் சூட்டையே வாங்கினார். ட்ரவோல்டா கறுப்பு கேட்டார், வடிவமைப்பாளர் வெள்ளை என்றார். இருண்ட கூட்டத்துக்கு நடுவே, ஒளிரும் தரைமேல் கண் நாயகனையே தேட வேண்டும் என்பதே காரணம். உள்ளே கறுப்புச் சட்டை, அதன் அகலக் காலர் வெள்ளைக் கோட்டின் மேலாக விரிந்து கிடக்கும். ஆடினால் துணி உறிஞ்சாது, வியர்வை உடம்போடு வழியும். அதனால் மாற்றிக்கொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட சூட் தேவைப்பட்டது.

பழைய உடைக் கடையில் ஒரு பெல்பாட்டம் கையில் கிடைத்தால் எந்தப் பக்கத்தது என்று எப்படிச் சொல்வது? பின்விளிம்பைப் பாருங்கள். நைந்திருந்தால் தரையில் நடந்தது, புதிதுபோல் இருந்தால் ஷூவின் மேல் நின்றது. சந்தேகம் தீராவிட்டால் உள்தையலின் ஓரத்துணியிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் இளகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். தொடையில் ஓரம் கெட்டிப்பட்ட சிறு துளை இருந்தால், யாரோ ஒருவருடைய சிகரெட் நெருப்பு கூட்டத்தில் பட்டிருக்கிறது.

1980ஐ ஒட்டி அகல விளிம்பு போய்க் குறுகல் வந்தபோது, பலர் தங்கள் பெல்பாட்டத்தைப் பிரித்து மறுபடி நேராகத் தைத்தார்கள். ஜீன்ஸிலிருந்து அந்தப் பூப்போட்ட முக்கோணத்தை எடுத்துவிடலாம், சேர்த்தும் தைத்துவிடலாம். ஆனால் தையலுக்குள் மடிந்திருந்த பட்டை வெயில் படாததால் வெளுக்காமல் இருக்கும். முழங்காலிலிருந்து அடிவரை ஒரு விரல் அகலத்துக்கு அந்தக் கருநீலக் கோடு துவைத்தாலும் போகாது.