12 மாதம் என்பார்கள், 16 மாதம் ஆகும்

‘மாதச் சந்தாவில் கொழிக்கும் தொழில்கள்’ என்பதுதான் எழுதச் சொன்ன தலைப்பு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கொழிப்பு கொஞ்சம் தள்ளியே நிற்கிறது. எத்தனை மாதம் தள்ளி என்பதை ஒரே ஒரு தொழிலை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஈரோடு, சேலம் பக்கம் மெடிக்கல் ஷாப்புகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தேதி, ஸ்டாக் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். மாதச் சந்தா 600 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கடைக்காரர் கொடுப்பது 708. தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. கணக்கின் போக்கு மட்டும் எந்தச் சந்தாத் தொழிலுக்கும் இதுதான்.

முதல் தவறு இந்த 708-லேயே நடக்கிறது. 108 ரூபாய் அரசாங்கத்துடையது, நம் கையில் சற்று நேரம் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். மீதி 600-லிருந்து சர்வர் வாடகை, எஸ்எம்எஸ், பணப் பரிமாற்றக் கட்டணம், ‘பில் வரமாட்டேங்குது’ என்று இரவு ஒன்பது மணிக்கு வரும் போனை எடுப்பவரின் சம்பளம் எல்லாம் போக வேண்டும். கடை ஒன்றுக்கு 180 ரூபாய் என்று வைப்போம். மிஞ்சுவது 420. போட்ட காசைத் திருப்பித் தரப்போவது இந்த 420 மட்டும்தான். 600-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு எட்டரை மாதத்தில் பணம் திரும்பிவிடும் என்று மகிழ்கிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, ஒரு கடையைப் பிடிக்க ஆகும் செலவு. பைக்கில் அலையும் விற்பனையாளருக்குச் சம்பளமும் பிஎஃப்பும் சேர்த்து 25,000, பெட்ரோல் படி 6,000, விளம்பரத்துக்கு 3,000, மேலாளர் சம்பளத்தில் இவர் பங்காக 4,000. மொத்தம் 38,000. மாதம் பத்துக் கடை பிடித்தால் கடைக்கு 3,800. பிடித்ததற்கு ஊக்கத்தொகை 500. பிறகு ஒருவர் கடைக்குப் போய் மருந்துப் பட்டியலையும் இருக்கிற ஸ்டாக்கையும் ஏற்றிக் கொடுத்து, கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்குப் பழக்கிவிட்டு வர 740. ஆக 5,040 ரூபாய். ஊக்கத்தொகையை மட்டும் எழுதிவிட்டுச் சம்பளத்தை ‘எப்படியும் கொடுக்கிறதுதானே’ என்று வேறு தலைப்பில் தள்ளுவது இரண்டாவது தவறு.

5,040-ஐ 420-ஆல் வகுத்தால் 12. ஒரு வருடத்தில் போட்டது திரும்பிவிடும் என்று பலகையில் எழுதிக் கைதட்டுவார்கள். பிடித்த கடைகள் எல்லாம் பன்னிரண்டு மாதமும் நின்று பணம் கட்டும் என்பது அந்தப் பன்னிரண்டுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது.

கடைகள் அப்படி நிற்பதில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் கல்யாணமாகிப் போய்விடுவார், மச்சான் யாரோ திருட்டுப் பிரதி கொண்டுவந்து போட்டுக் கொடுப்பார், கடையே கைமாறிவிடும். மாதத்துக்கு நூற்றுக்கு நான்கு பேர் விலகுகிறார்கள் என்று வைப்போம். காதுக்குச் சின்ன எண்தான். ஒரே மாதத்தில் சேர்ந்த நூறு கடைகளில் முதல் மாதம் 100 பேர் கட்டுகிறார்கள், அடுத்த மாதம் 96, அதற்கடுத்து 92. பன்னிரண்டாம் மாதம் முடியும்போது 61 கடைதான் மிச்சம். நூறு கடைக்குப் போட்டது 5,04,000 ரூபாய், அதுவரை திரும்பியது ஏறக்குறைய 4,07,000. இன்னும் 97,000 வெளியே நிற்கிறது. அதை மிச்சமிருக்கும் கடைகள்தான், ஓடிப்போனவர்களின் பங்கையும் சேர்த்து, அடைக்க வேண்டும். அது முடிய 16 மாதம் ஆகிறது.

விலகல் நான்கிலிருந்து எட்டானால் 32 மாதம் ஆகுமா? இல்லை, 39-வது மாதம்தான் போட்டது திரும்பும். ஒன்பது சதவீதமானால் எந்த மாதத்திலும் திரும்பாது, நூறு வருடம் காத்திருந்தாலும். மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது எட்டேகால் சதவீதத்துக்குச் சற்று மேலே, இந்தத் தொழிலின் எல்லைக்கோடு. அது தற்செயல் இல்லை. பலகையில் எழுதியது எத்தனை மாதமோ, மாதம் அத்தனையில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் விலகினால் முதல் அங்கேயே போய்விடும். 24 மாதத்தில் திரும்பும் என்று திட்டம் போட்டவருக்கு நான்கேகால் சதவீத விலகலே போதும்.

தீபாவளிக்கு ‘முதல் மாதம் இலவசம்’ என்று அறிவிப்பார்கள். ஒரு மாத வருமானம்தானே தள்ளிப்போகிறது என்று தோன்றும். அந்த மாதத்துக்கும் 180 ரூபாய் செலவு உண்டு, நூற்றில் நான்கு பேர் ஒரு பைசா கொடுக்காமலே விலகியும் விடுவார்கள். மறுபடி போட்டுப் பார்த்தால் 16 மாதம் 19 ஆகிறது. ஒரு மாத இலவசத்தின் விலை மூன்று மாதம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு விலகுகிறவர்களைப் பற்றிய கணக்கு. என் கவலை சொல்லாமல் நிற்பவர்களைப் பற்றியது.

2020-ல் யுபிஐ ஆட்டோபே வந்தபோது, இனி மாதாமாதம் கடை கடையாக அலைய வேண்டாம் என்று சந்தாத் தொழிலில் இருப்பவர்கள் மூச்சுவிட்டார்கள். பாதி உண்மை. பணம் பிடிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னால் கடைக்காரருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது விதி. அறிவிப்பைப் பார்த்ததும் கணக்கில் பணத்தை வைத்திருப்பவரும் உண்டு, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது நினைவுக்கு வந்து அன்று காலையிலேயே கணக்கைத் துடைத்து எடுப்பவரும் உண்டு. செயலியைத் திறந்து அனுமதியையே ரத்து செய்துவிடலாம். நிறுவனத்தின் கண்ணில் பெரும்பாலும் படுவது ‘பிடித்தம் தோல்வி’ என்ற ஒரு வரி. போன் செய்தால், “அடுத்த மாசம் ரெண்டையும் சேத்துக் குடுத்துடறேன் தம்பி.” அவர் விலகவில்லை. மென்பொருளில் பில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுவனத்தின் பட்டியலிலும் அவர் ‘ஆக்டிவ்’.

அந்த மாதம் அவரால் வருமானம் பூஜ்யம்கூட இல்லை. சேவைச் செலவு 180 போய்விட்டது. பில் போட்டாயிற்று என்பதால், கடைக்காரர் தராத 108 ரூபாய் ஜிஎஸ்டியை நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவருக்கு அடுத்த மாதம் 20-ம் தேதி கெடு. வராக்கடன் என்று சொல்லி அதைத் திரும்பக் கேட்க ஜிஎஸ்டி சட்டத்தில் இடமில்லை. ஆக 288 ரூபாய் நஷ்டம். வசூலிக்க விற்பனையாளரை மறுபடி அனுப்பினால் பெட்ரோலும் சேரும், அன்றைக்கு அவர் பிடிக்க வேண்டிய புதுக் கடையும் போகும்.

தினத்தண்டல் விடுகிறவரிடம் இந்த நிறுவனம் பாடம் படிக்கலாம். ஒவ்வொரு கடைக்கும் 5,040 ரூபாய் முன்னால் கொடுத்துவிட்டு 420 வீதம் வசூலிப்பது தண்டல்தானே, அதுவும் கையெழுத்து வாங்காத தண்டல். எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எந்தத் தண்டல்காரரும் பெருமை பேசமாட்டார். இன்றைக்கு யார் தரவில்லை என்பதுதான் அவர் நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டை இங்கேயும் போடலாம். ஜூனில் சேர்ந்த கடைகளுக்கு ஒரு வரி, ஜூலையில் சேர்ந்தவைக்கு இன்னொன்று. ஒவ்வொரு வரியிலும் மாதவாரியாக, பட்டியலில் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, வங்கிக்கு வந்த பணத்தில் வரியும் சேவைச் செலவும் போக நின்றதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். நூறு கடை சேர்ந்த வரியில் ஆறாம் மாத முடிவில் 2,28,000 பக்கம் இருந்தால் 16 மாதப் பாதையில்தான் போகிறோம். இரண்டு லட்சம்தான் வந்திருக்கிறது என்றால், இதே வேகம் நீடித்தால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது. இரண்டுக்கும் வித்தியாசம் 28,000 ரூபாய்தான். மொத்த வருமானத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது, புதுக் கடைகளின் பணம் பழைய வரியின் ஓட்டையை மூடிவிடும்.

விற்பனையைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்து விற்பனையாளர்களை வைத்து மாதம் நூறு கடை பிடிக்கிறார்கள் என்றால், மாதா மாதம் 5,04,000 வெளியே போகிறது. முதல் மாதம் உள்ளே வருவது 42,000. பழைய கடைகள் சேரச் சேர வரவு கூடும், ஆனாலும் செலவை எட்டிப்பிடிக்க அதே 16 மாதம். அதற்குள் பள்ளம் 33.5 லட்சம் ரூபாய். ஒருவரும் விலகாத உலகத்தில் அது 27.7 லட்சத்தோடு நின்றிருக்கும். மாதம் இருநூறு கடை பிடித்தால் பள்ளம் 67 லட்சம். மென்பொருள் எழுதுகிறவர்களின் சம்பளமும் அலுவலக வாடகையும் இதில் சேரவில்லை. நன்றாக விற்கிற மாதங்களில்தான் சம்பளம் தள்ளிப்போகும்.

சந்தையை முதலில் பிடித்துவிட்டால் பிறகு விலையை ஏற்றிக்கொள்ளலாம், அதுவரை முதலீட்டாளர் பணம் தாங்கும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலீட்டாளர் கிடைத்தவர்களுக்கு அது பொருந்தலாம்.

சொந்தப் பணத்தில் நடத்துகிறவர்கள் ஆண்டுச் சந்தா பக்கம் திரும்புகிறார்கள். பத்து மாதப் பணம் கட்டினால் பன்னிரண்டு மாதம்: ஜிஎஸ்டி நீங்கலாக 6,000 ரூபாய் முதல் நாளே கைக்கு வந்துவிடும். 5,040 போக 960 கையிருப்பு. பணம் அன்றே திரும்பிவிட்டது போலத் தெரியும். ஆனால் மாதம் 180 வீதம் ஆறாவது மாதத்தில் அந்த 960 தீர்ந்துவிடும். வருட முடிவில் கடை ஒன்றுக்கு 1,200 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். உண்மையான மார்ஜின் 3,840-தான், மீதி இரண்டாம் வருடம் புதுப்பித்தால்தான் வரும். பள்ளம் பெரிதாகச் சுருங்குகிறது, அது பெரிய லாபம்தான். ஆனால் விலகுகிறவர் மாதாமாதம் தலைகாட்டாமல் பதின்மூன்றாம் மாதம் மொத்தமாகத் தெரிவார். முதல் நாள் வந்த 6,000-ஐ அடுத்த கடையைப் பிடிக்கச் செலவழித்துவிட்டவருக்கு அந்த மாதம் கஷ்டம்.

நான் பார்த்தவரை, விலை மாற்றாமலே பலன் தருகிற திருத்தம் ஊக்கத்தொகையில் இருக்கிறது. 500-ஐயும் கடை சேர்ந்த அன்றே கொடுக்காமல், 150 அன்றைக்கு, மீதி 350 நான்காவது மாதச் சந்தா வங்கிக்கு வந்த பிறகு. பெரும்பாலும் விலகுவது முதல் சில மாதங்களில், ஸ்டாக் முழுதாக ஏற்றாமல் பாதியில் விட்ட கடைகள்தான். நான்காம் மாதப் பணத்தில் தன் 350 இருக்கிறது என்று தெரிந்தால், விற்பனையாளர் கம்ப்யூட்டரைத் தொடவே தயங்கும் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கமாட்டார். மாதம் பத்து என்பது எட்டாகக் குறையலாம், கடை ஒன்றுக்கான செலவும் 5,040-லிருந்து ஆறாயிரத்தை ஒட்டிப் போகும். அந்த எட்டும் மாதம் இரண்டு சதவீதம்தான் விலகுகிறது என்றால், செலவு கூடிய பிறகும் ஏறக்குறைய 17 மாதத்தில் பணம் திரும்பும். பழைய 16-ஐவிட ஒரு மாதம் கூடுதல்தான், ஆனால் அதற்குப் பிறகும் நின்று கட்டுகிற கடைகள் அதிகம். விலகல் இரண்டுக்கு இறங்காமல் மூன்றிலேயே நின்றால் 18 மாதத்தைத் தாண்டிவிடும், போட்டது சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றால் அப்போது பழைய பத்தே மேல்.