பதினாறு நாளில் நாலு மடங்கா, ஐந்து மடங்கா?

ஒரு பங்கு நாலு நாள் தொடர்ந்து ஏறினால் ஒருவர் "இன்னும் ஏறும், வாங்கு" என்பார். இன்னொருவர் "ஏறினது இறங்கும், வித்துடு" என்பார். எது அந்தப் பங்கின் சுபாவம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கணக்கு ஆற்றிலிருந்து வந்தது. எகிப்தில் நைல் நதியை அளந்துவந்த ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட், வெள்ள ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் தற்செயலை மீறிச் சேர்ந்து சேர்ந்து வருவதை 1951இல் எழுதினார். அந்தக் கணக்கைச் சந்தை விலைகளுக்கும் பொருத்திப் பார்த்தவர் மாண்டல்பிராட்.

ஒரு பங்கின் ஒருநாள் அசைவு வழக்கமாக 1 சதவீதம் என்று வையுங்கள். 16 நாளில் எவ்வளவு அசையும்? 16 சதவீதம் அல்ல. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். நேற்றைய அசைவுக்கும் இன்றைய அசைவுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் 16இன் வர்க்கமூலம், அதாவது 4 சதவீதம். அப்போது ஹர்ஸ்ட் எண் 0.5. அசைவு 5.3 சதவீதம் வந்தால் எண் 0.6, விலை போன திசையிலேயே போகிறது. 3 சதவீதம்தான் என்றால் சுமார் 0.4, திரும்பி வருகிறது.

தன்னொட்டுறவு இன்னும் எளிது. இன்றைய மாற்றத்தை நேற்றைய மாற்றத்தோடு ஒப்பிட்டு −1க்கும் 1க்கும் இடையே ஓர் எண் தரும். மாற்றத்தைத்தான் ஒப்பிட வேண்டும். விலையையே ஒப்பிட்டால் எந்தப் பங்குக்கும் 1ஐ ஒட்டியே வரும், அதில் சேதி இல்லை. ஓராண்டின் 250 நாட்களுக்கு, சும்மாவே ±0.13 வரை வரக்கூடும். 0.08 வந்ததென்று குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஹர்ஸ்ட் எண்ணிலும் இதே வம்புதான். 250 நாளில் முழுப் பதினாறு நாள் துண்டுகள் 15தான் தேறும். அவ்வளவு சிறிய கையிருப்பில் 0.07 வரை எண் தடுமாறுவது சகஜம், 0.6 அதிர்ஷ்டத்தாலும் வரலாம். சோதிக்க, தினசரி மாற்றங்களைச் சீட்டுக்கட்டுபோல் ஆயிரம் முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணைக் கணக்கிடுங்கள். கலைத்த வரிசைக்கு ஞாபகம் கிடையாது. அதிலும் 100 முறை 0.6 தாண்டினால், உங்கள் 0.6ஐ நம்பிப் பணம் போடக் கூடாது.

தரவே ஏமாற்றுவதும் உண்டு. தினவிலைகளைச் சராசரியாக்கி மாத விலை என்று வைத்தால், சுபாவமே இல்லாத விலையிலும் அடுத்தடுத்த மாத மாற்றங்களிடையே 0.25 அளவுக்குத் தன்னொட்டுறவு முளைக்கும். ஒரே மாதத்தின் விலைகள் இரண்டு மாற்றங்களிலும் கலந்துவிடுவதே காரணம். ஹோல்புரூக் வொர்க்கிங் இதை 1960இலேயே காட்டினார். மாதக் கடைசி நாள் விலையை வைத்து மறுபடி போட்டதும் அந்த 0.25 மறைந்துபோகிறதா என்று பார்த்துவிடுங்கள்.