ஆளை வர்ணிக்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்

"அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை. எம்.காம். அல்லது எம்.பி.ஏ. 3 முதல் 5 ஆண்டு அனுபவம். டேலி, ஜிஎஸ்டி, எக்செல், எஸ்ஏபி தெரிந்திருக்க வேண்டும். சரளமான ஆங்கிலம். வயது 28க்குள். ஆண்கள் மட்டும். சொந்த பைக் அவசியம். அழுத்தத்தைத் தாங்கும் துடிப்பான இளைஞர்கள் விண்ணப்பிக்கவும். சம்பளம் தகுதிக்கேற்ப."

திருப்பூரில் அறுபது தையல் மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனி இப்படி விளம்பரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக எழுதியதுதான். ஆனால் வேலைவாய்ப்புச் செய்திகள் வரும் எந்த வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தாலும் இதே சாயலில் நாலு கிடைக்கும். படித்தவுடன் ஒரு விஷயம் உறுத்த வேண்டும்: விளம்பரம் முழுக்க ஆளைப் பற்றியே இருக்கிறது. அந்த ஆள் காலையில் வந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் நோய் புரிந்துவிடும். இதுவரை அந்த நாற்காலியில் இருந்த பெண், ஆறு வருடத்துக்கு முன் பி.காம். முடித்த கையோடு வந்தவர். டேலியும் ஜிஎஸ்டியும் இங்கேதான் கற்றுக்கொண்டார். இப்போது கல்யாணமாகிச் சென்னை போகிறார். அவர் ஆறு வருடத்தில் சேர்த்த அத்தனை திறமையையும் முதலாளி முதல் நாளுக்கான தகுதியாக எழுதிவிடுகிறார். 'பெண் என்றால் கல்யாணமாகிப் போய்விடுவார்' என்று 'ஆண்கள் மட்டும்' சேர்கிறது. வெளிநாட்டு பையர் மெயில் அனுப்புவார் என்று மேனேஜர் ஆங்கிலத்தைச் சேர்க்கிறார். வருங்காலத்தில் எஸ்ஏபி போடலாம் என்று முதலாளியின் மகன் அதையும் சேர்க்கிறார். கடைசியில், ஆறு வருடம் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தவரே இந்த விளம்பரத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. எந்த விளம்பரத்தையும் வெளியிடும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்: இப்போது இந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருப்பவர் இதில் தேறுவாரா?

சரியான விளம்பரம், போகிறவரோடு அரை மணி நேரம் உட்காருவதில் தொடங்குகிறது. "எந்த வேலைங்க மாசாமாசம் உங்களை இழுத்தடிக்குது?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதி வாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நம் கம்பெனியில் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும். தினமும் நூல், அட்டைப்பெட்டி, ஜாப் ஒர்க் பில்களை டேலியில் ஏற்றுவது. சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடையையும் திரும்பி வந்த எடையையும் டெலிவரி சலானோடு பார்த்து, பட்டறையின் பில் சரியா என்று சொல்வது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1க்கு விற்பனை விவரம் தயார் செய்வது. 14ஆம் தேதி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும், நம் கொள்முதல் பில்களில் எவை அதில் இல்லை என்று பிடிப்பது. இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது என்பதால், சப்ளையருக்குப் போன் போட்டுத் துரத்துவது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பிக்கான கணக்கை ஆடிட்டருக்கு அனுப்புவது.

இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய விளம்பரத்தின் ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேட்கலாம். இது இல்லாவிட்டால் மேலே உள்ள எந்த வேலை நின்றுபோகும்? நிற்கும் என்றால், வந்த மூன்று மாதத்துக்குள் கற்றுக்கொள்ள முடியாததா? இரண்டுக்கும் பதில் இருக்கும் வரி மட்டுமே கட்டாயத் தகுதி.

எஸ்ஏபி முதல் கேள்வியிலேயே விழும். கம்பெனியில் அது இல்லவே இல்லை. சரளமான ஆங்கிலமும் விழும். பில்லையும் போர்ட்டலையும் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் போதும்; சாயப்பட்டறைக்காரரிடம் தமிழில்தானே பேசப்போகிறார்? டேலியும் பதிவின் அடிப்படையும் நிற்கும். 2பி சரிபார்ப்பை இரண்டு மாதச் சுழற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பதால் அது 'தெரிந்தால் நல்லது' பக்கம் போகும். மூன்றாண்டு அனுபவம் ஓராண்டாகக் குறையும்.

எம்.காம். என்ன ஆகும்? 'படித்தவர் வந்தால் நல்லதுதானே, சும்மா கேட்டு வைப்போம்' என்பதுதான் வழக்கமான வாதம். அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையின்படி, 2015இல் உற்பத்தி சூப்பர்வைசர் வேலைக்கான விளம்பரங்களில் 67 சதவீதம் கல்லூரிப் பட்டம் கேட்டன. அப்போது அந்த வேலையில் இருந்தவர்களில் 16 சதவீதத்தினரிடம்தான் பட்டம் இருந்தது. இப்படிப் பட்டத்தைக் கேட்டு எடுத்த நிறுவனங்கள் அதிகச் சம்பளம் கொடுத்தன; வந்தவர்கள் சீக்கிரம் விலகவும் செய்தார்கள் என்பதையும் அதே அறிக்கை காட்டுகிறது. காரணம் எளிது. பில் ஏற்றும் வேலைக்கு வரும் எம்.பி.ஏ. பட்டதாரி, வந்த நாளிலிருந்தே அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. சட்டமே கேட்கும் தகுதியைத் தளர்த்த முடியாது. மருந்துக் கடையில் மருந்தாளுநருக்குப் பார்மசி படிப்பும் கவுன்சில் பதிவும் வேண்டும். லாரி ஓட்டுநருக்குக் கனரக உரிமம் வேண்டும்.

அடுத்து, பாரபட்சமான வரிகள். பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால் ஒரு நிஜமான தேவை ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்து எழுதினால் பாரபட்சம் தானாக உதிர்ந்துவிடும். 'ஆண்கள் மட்டும்' என்பதற்குக் கம்பெனியில் காரணம் கேட்டால், 'ஜிஎஸ்டி கட்டும் வாரத்தில் ராத்திரி எட்டு மணி ஆகும்' என்பார்கள். அப்படியானால் அதை எழுதுங்கள்: எந்தத் தேதிகளில், எத்தனை மணி வரை, வீடு திரும்ப வண்டி உண்டா என்று. முடியுமா முடியாதா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார். 'சொந்த பைக்' என்பதன் பின்னால் இருப்பது வாரம் இரண்டு முறை சாயப்பட்டறைக்குப் போய்வர வேண்டிய வேலை. பஸ் செலவு தருவோம் என்று சொன்னால், பைக் இல்லாத நல்ல கணக்காளரும் உள்ளே வருவார். 'வயது 28க்குள்' என்பதற்குப் பின்னால் எதுவுமே இல்லை. பத்து வருடம் பில் போட்டுவிட்டு, குழந்தைகள் பள்ளிக்குப் போனதும் மறுபடி வேலை தேடும் 38 வயதுப் பெண்ணை வெளியே நிறுத்தும் வேலையைத்தான் அது செய்கிறது. 'நல்ல குடும்பப் பின்னணி' போன்ற வரிகளுக்கும் வேலையோடு சம்பந்தமில்லை. சாதியையும் வசதியையும் விசாரிக்கும் மறைமுகக் கேள்வியாகவே படிப்பவருக்கு அவை படும்.

இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமும் அல்ல. ஒரே வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் ஆளெடுப்பில் பால் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிட வேண்டாம் என்று ஆளெடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கான் அறிவுறுத்தியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது.

வெளிப்படையாக யாரையும் ஒதுக்காத சொற்களும் ஆளை விரட்டும். டேனியல் காஷர், ஜஸ்டின் ஃப்ரீசன், ஆரன் கே ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி, ஆதிக்கம், தலைமை என்று ஆண்மைச் சாயல் கொண்ட ஆங்கிலச் சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை என்று தெரிந்தது. 'என்னால் முடியாது' என்று அவர்கள் நினைக்கவில்லை. 'இது எனக்கான இடம் இல்லை' என்று நினைத்தார்கள். அது ஆங்கில விளம்பரங்களை வைத்துச் செய்த ஆய்வு. அந்தச் சொல் பட்டியலை அப்படியே தமிழுக்கு எடுக்க முடியாது. எடுக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு: உரிச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே வேலையை வையுங்கள். 'அழுத்தத்தைத் தாங்கும் துடிப்பான இளைஞர்' என்பதைவிட, '17 முதல் 20ஆம் தேதி வரை வேலை அதிகம்' என்பது எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தரும்.

இவ்வளவும் செய்தபின் விளம்பரம் இப்படி ஆகும்:

"கணக்கு உதவியாளர், 1 இடம், திருப்பூர். வேலை: கொள்முதல், ஜாப் ஒர்க் பில்களை டேலியில் ஏற்றுதல், சாயப்பட்டறை பில்களைச் சலானோடு சரிபார்த்தல், மாத ஜிஎஸ்டி விவரங்களை ஆடிட்டருக்குத் தயாரித்தல். வாரம் இரண்டு முறை சாயப்பட்டறைக்குப் போய்வர வேண்டும். பயணச் செலவு தருவோம். கட்டாயம் தேவை: டேலியில் ஓராண்டு வேலை செய்த அனுபவம், அடிப்படைக் கணக்குப்பதிவு, பில்லைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். தெரியாவிட்டால் சொல்லித் தருவோம்: 2பி சரிபார்ப்பு, எக்செல். நேரம் காலை 9.30 முதல் 6.30 வரை, ஞாயிறு விடுமுறை. 9 முதல் 11 வரையும் 17 முதல் 20 வரையும் உள்ள தேதிகளில் இரவு 8 ஆகலாம். ஓவர்டைம் உண்டு, வண்டி உண்டு. சம்பளம் ரூ.17,000 முதல் 20,000 வரை, பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. வயது வரம்பு இல்லை. வேலையில் இடைவெளி விட்டவர்களும் விண்ணப்பிக்கலாம்."

சம்பளத்தைப் போடத் தயங்குவார்கள். பழைய ஆட்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்களே என்ற பயம்தான் காரணம். ஆனால் 'தகுதிக்கேற்ப' என்று எழுதினால், முப்பதாயிரம் எதிர்பார்ப்பவர் லீவு போட்டு நேர்காணலுக்கு வந்து வெறுங்கையோடு போவார். இரு தரப்புக்கும் ஒரு நாள் வீண்.

தகுதியைக் குறைத்தால் விண்ணப்பங்கள் கூடும், அது உண்மை. பட்டம் செய்துவந்த சலிப்பு வேலையை இனி ஒரு சிறு சோதனை செய்ய வேண்டும். சலான்களோடு பத்து பில்களைக் கொடுங்கள். ஒன்றில் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கட்டும். ஒன்றில் துணியின் எடை சலானோடு பொருந்தாமல் இருக்கட்டும். இருபது நிமிடத்தில் இரண்டையும் பிடிப்பவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் உங்களுக்கு வேண்டிய ஆள்.

விளம்பரம் பலித்ததா என்பதை விண்ணப்பங்களின் எண்ணிக்கை சொல்லாது. சோதனையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் சொல்லும். நூறு பேர் வந்து மூன்று பேர் தேறினால், வேலையை விவரித்த வரிகள் தெளிவாக இல்லை. பத்துப் பேர்கூட வரவில்லை என்றால், கட்டாயத் தகுதியிலோ சம்பளத்திலோ கோளாறு. எல்லா வரியையும் திருத்திய பிறகும் ஆள் வரவில்லை என்றால், விளம்பரத்தைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை என்று பொருள்.